அறுபது பிளாண்ட், பதிமூன்று மாதம், ஒரு ஆர்டர்: எஸ்.பி.எம். தயாரிப்பாளருக்கு சோஷியல் மீடியா, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் லீக் டெஸ்ட் மெஷின் செய்யும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பக்கம் இருக்கிறேன். அலுமினிய கியர் ஹவுசிங், சிலிண்டர் ஹெட் மாதிரி பாகங்களுக்குள் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்க்கும் மெஷின். ஒன்றின் விலை முப்பத்தைந்து லட்சத்தில் தொடங்கி ஒன்றரைக் கோடி வரை போகும். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மெஷின் போனாலே எங்களுக்கு நல்ல வருஷம். இதே மாதிரி ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே செய்யும் தனி மெஷின்கள், அதாவது எஸ்.பி.எம். செய்கிற நண்பர்கள், அவர்கள் வீட்டில் புதிதாகத் தொழிலுக்குள் வந்த பிள்ளைகள் என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எங்க மெஷினை வாங்கக்கூடிய பிளாண்ட் இந்தியா முழுக்க அறுபதுதான். நேராகப் போய்ப் பார்த்துவிடலாமே, சோஷியல் மீடியா எதற்கு?

நேராகப் போய்ப் பார்ப்பது யாரை? பெரும்பாலும் பர்ச்சேஸ் ஆளை. கேட் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, இருபது நிமிஷம், ஒரு காபி. அவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவது அவர் இல்லை.

ஒரு லீக் டெஸ்ட் மெஷின் வாங்குவதில் குறைந்தது ஐந்தாறு பேருடைய கை இருக்கிறது. ஸ்பெசிஃபிகேஷன் எழுதுவது புரொடக்‌ஷன் இன்ஜினியரிங். 'இந்த மேக் வேண்டாம், ஸ்பேர் கிடைக்காமல் போன தடவை நாக்குத் தள்ளிவிட்டது' என்று சொல்வது மெயின்டனன்ஸ். அளவு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறதா என்று சோதிக்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் பார்த்து ஒப்புக்கொள்வதோ நிராகரிப்பதோ குவாலிட்டி. பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுவது பிளாண்ட் ஹெட்டும் ஃபைனான்ஸும். பர்ச்சேஸ் வருவது கடைசியில்.

கொட்டேஷன் கேட்கும் ஆர்.எஃப்.க்யூ. உங்கள் மெயிலுக்கு வந்து சேரும்போது ஸ்பெசிஃபிகேஷன் எழுதி முடிந்திருக்கும். யாரோ ஒருவருடைய மெஷினை மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள். அந்த ஒருவர் நீங்கள் இல்லையென்றால் நீங்கள் மூன்றாவது கொட்டேஷன். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று ஆடிட்டர் கேட்பதால் மட்டும் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இது புரியவே நாலைந்து வருஷம் ஆனது.

சோஷியல் மீடியாவின் வேலை புதிய வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பது இல்லை, பெயர்கள்தான் ஏற்கெனவே தெரியுமே. கேட் பாஸ் வாங்கியும் நாம் பார்க்க முடியாத அந்த நாலைந்து பேருக்கு, ஸ்பெசிஃபிகேஷன் எழுத உட்காரும் முன்பே நம்மைத் தெரிந்திருக்கச் செய்வதுதான் வேலை.

அறுபது பேரில் ஒரு வருஷத்தில் உண்மையில் வாங்கப்போவது எத்தனை பேர்?

ஒரு பிளாண்ட் புது மாடலோ புது லைனோ போடும்போதுதான் இந்த மெஷினை வாங்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதை ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பிளாண்ட், மூன்று மாதத்துக்கு மூன்று. இந்தக் காலாண்டில் நீங்கள் போடும் எதைப் பார்த்தாலும் ஐம்பத்தேழு பிளாண்ட்களுக்கு வாங்கும் எண்ணமே இருக்காது.

ஆஸ்திரேலியாவில் எஹ்ரன்பெர்க்-பாஸ் என்ற மார்க்கெட்டிங் ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர் ஜான் டாஸ் 2021இல் இதைத்தான் 95-5 விதி என்று எழுதினார்: ஒரு காலாண்டில் நூறில் ஐந்து பேர்தான் வாங்கும் நிலையில் இருப்பார்கள், மீதி 95 பேர் இல்லை. அவருடைய கணக்கும் இதே வகுத்தல்தான். அந்த 95 எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் மந்திர எண் இல்லை. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் எண் மாறும். போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போதே அழையுங்கள், சிறப்புத் தள்ளுபடி' என்று பதிவு போடுவது ஏன் வீண் என்பது அந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஐம்பத்தேழு பேருக்கு அது சத்தம். மீதி மூன்று பேருக்குத் தள்ளுபடி ஒரு பொருட்டே இல்லை, லைன் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பட்டியல் எப்படிப் போடுவது?

ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ஒரு பிளாண்டுக்கு ஒரு வரி. கம்பெனிக்கு ஒரு வரி என்று போட்டுவிடாதீர்கள். ஒரே கம்பெனிக்கு ஓசூரிலும் சாக்கனிலும் மானேசரிலும் தொழிற்சாலை இருந்தால் மூன்றும் மூன்று வரி, ஏனென்றால் முடிவெடுக்கும் ஆட்கள் வேறு வேறு. ஒவ்வொரு வரியிலும் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங், மெயின்டனன்ஸ், குவாலிட்டி, பர்ச்சேஸ், பிளாண்ட் ஹெட் என்று ஐந்து கட்டம். லிங்க்ட்இனில் தேடினால் பாதி நிரம்பும். மீதியை உங்கள் சர்வீஸ் இன்ஜினியரிடம் கேளுங்கள். யார் ஷிஃப்டில் இருப்பார், யார் பேச்சு எடுபடும் என்பது அவருக்கு மனப்பாடம்.

எங்கள் முதல் பட்டியலில் அறுபது பிளாண்டுக்கு நூற்றிப் பத்துப் பெயர்தான் தேறியது. மெயின்டனன்ஸ் கட்டம் கிட்டத்தட்டக் காலி. அதைப் பார்த்த பிறகுதான் எங்கே ஓட்டை என்று தெரிந்தது.

அப்புறம் அந்தப் பெயர்களுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள், வாரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கோரிக்கையோடு கேட்டலாக் அனுப்பாதீர்கள். ஏற்றுக்கொண்ட மறு நிமிஷமே 'சார், எங்கள் தயாரிப்புகள் பற்றிய சிறு அறிமுகம்' என்று நீட்டி அனுப்பாதீர்கள். அதைப் பார்த்ததும் அவர் கை தானாக மியூட் பட்டனுக்குப் போகும். நீங்களும் அப்படித்தானே செய்கிறீர்கள்?

என்ன எழுதுவது? எங்க பேஜில் ஆயுத பூஜை, பொங்கல் வாழ்த்து, ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், டீம் லஞ்ச் எல்லாம் போடுகிறோமே.

அதெல்லாம் போடலாம், உங்கள் ஊழியர்கள் லைக் போடுவார்கள். ஆனால் சாக்கனில் இருக்கும் குவாலிட்டி இன்ஜினியர் தன் பிளாண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் எதை ஃபார்வர்ட் செய்வார் என்று யோசியுங்கள். அவருக்கு நேற்று வந்த தலைவலிக்கு விடை இருந்தால் செய்வார்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்ட ஒரு பதிவை அப்படியே சொல்கிறேன். பிரஷர் டீகே முறையில் பாகத்துக்குள் காற்றை அடைத்து, வால்வை மூடி, சில விநாடிகளில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். குறைந்தால் லீக். ஆனால் காற்று குளிர்ந்தாலும் அழுத்தம் குறையும். எவ்வளவு?

```
ΔP = P × ΔT / T
```

சோதனை அழுத்தம் 2 பார் என்றால், வளிமண்டலத்தையும் சேர்த்து 3 பார், அதாவது சுமார் 3,00,000 பாஸ்கல். அறை வெப்பம் 300 கெல்வின். காற்று 0.1 டிகிரி மட்டும் குளிர்ந்தால் அழுத்தம் 100 பாஸ்கல் இறங்கும். பாகத்தின் உள்ளளவு 500 சிசி, அளக்கும் நேரம் பத்து விநாடி என்றால் அந்த 100 பாஸ்கல் இறக்கம் மெஷினுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 3 சிசி லீக்காகத் தெரியும். வரம்பை 3 சிசியில் வைத்திருந்தால் ஓட்டையே இல்லாத நல்ல பாகம் ரிஜெக்ட் தொட்டிக்குப் போய்விடும். பத்தில் ஒரு டிகிரி, அவ்வளவுதான்!

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் எழுதினோம். ரிஜெக்ட் ஆன பாகத்தை ஒரு மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பச் சோதித்துப் பாருங்கள். பாஸ் ஆனால் ஓட்டை பாகத்தில் இல்லை, வாஷிங் மெஷினிலிருந்து சூடாக வந்து, பாகத்தைப் பிடித்து வைக்கும் குளிர்ந்த ஃபிக்ஸ்சரில் உட்கார்ந்து ஆறியிருக்கிறது. இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். சூடான பாகத்துக்குள் போன காற்று சூடேறினால் அழுத்தம் கூடி, உண்மையான லீக்கை மறைத்துவிடும். ரிஜெக்ட்டுக்காகப் புலம்பும் ஆட்கள் இந்த இரண்டாவதைக் கவனிப்பதில்லை, ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருவது இதனால்தான்.

இந்தப் பதிவில் எங்கள் மெஷினின் படம் இல்லை, பெயர் இல்லை, விலை இல்லை. லைக் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால் அந்த நாற்பதில் பதினொன்று எங்கள் பட்டியலில் இருந்த பெயர்கள், இரண்டு பேர் காலியாகக் கிடந்த மெயின்டனன்ஸ் கட்டத்துக்குப் புதிதாகக் கிடைத்தவர்கள்.

சர்வீஸ் கால் ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஒரே கேள்வி மூன்று பிளாண்டிலிருந்து வந்திருந்தால் அது ஒரு பதிவு. வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து கிடைத்துவிடும். மாதத்துக்கு இரண்டு போட்டால் போதும், தினமும் போட நாம் ஜவுளிக்கடை இல்லை.

கம்பெனி பேஜிலா, ஆட்களின் சொந்தக் கணக்கிலா?

ஆட்களின் கணக்கில். கம்பெனி பேஜுக்கு யாரும் சந்தேகம் கேட்டு மெசேஜ் அனுப்புவதில்லை. அப்ளிகேஷன் இன்ஜினியர் எழுதினால் 'உங்களுக்கு இது எத்தனை விநாடி செட்டில் ஆச்சு?' என்று இன்னொரு இன்ஜினியர் கேட்பார். பேஜ் இருக்கட்டும், உங்களைத் தேடி வருபவர் பார்க்கும் போர்டு அது. முகவரி, மெஷின் வகைகள், சில வீடியோ இருந்தால் சரி.

இந்தப் பதிலுக்கு முதலாளிகள் உடனே கேட்பது 'அந்தப் பையன் வேலையை விட்டுப் போனால் அத்தனை தொடர்பும் அவனோடு போய்விடுமே?' என்று. போகும். அவருடைய போனில் இருக்கும் நம்பர்களும் போகும், அதற்காக விற்பனை ஆளிடம் போன் கொடுக்காமல் இருக்கிறோமா? ஒருவரை மட்டும் நம்பாமல் முதலாளி, டிசைன் ஹெட், சர்வீஸ் ஹெட் என்று மூன்று பேர் எழுதட்டும். பட்டியல் ஷீட் கம்பெனியிடம் இருக்கட்டும்.

எங்க ஆட்களுக்கு எழுதவே வராது. ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

முழுதாகக் கொடுக்காதீர்கள். ஏஜென்சிக்காரருக்கு ஃபிக்ஸ்சர் என்றால் என்னவென்று தெரியாது, கடைசியில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று டிசைன் போட்டுக் கொடுப்பார்.

எங்களிடம் நடக்கும் முறை சுலபம். சர்வீஸ் இன்ஜினியர் ஒரு பிளாண்டில் வேலை முடித்துத் திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே எனக்குத் தமிழில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புவார்: என்ன பிரச்சினை, எதை முதலில் சந்தேகப்பட்டார், கடைசியில் எது காரணம். மூன்று நிமிஷம் போதும். அதை நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், ஏனென்றால் படிப்பவர் புனேவிலும் குருகிராமிலும் இருக்கிறார். டிசைன் ஹெட் எண்களைச் சரிபார்ப்பார். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை கேஜ் அழுத்தத்தையும் முழு அழுத்தத்தையும் குழப்பி எழுதிவிட்டேன். போட்ட அரை மணி நேரத்தில் ஒரு குவாலிட்டி மேனேஜர் எல்லார் முன்னாலும் திருத்தினார். தப்பை ஒப்புக்கொண்டு திருத்தினோம், அதற்கப்புறம் அவரே நண்பராகிவிட்டார் என்பது வேறு கதை.

ரகசியம் காப்போம் என்று என்.டி.ஏ. போட்டிருக்கிறோம். வாடிக்கையாளர் பாகத்தைக் காட்டாமல் எதைப் படம் எடுப்பது?

இதில் ஒருமுறை சூடுபட்டிருக்கிறோம். டிஸ்பாட்ச்சுக்கு முன் டிரையல் ஓடும் வீடியோ, முப்பது விநாடி. முன்னால் இருந்த பாகத்தைத் துணி போட்டு மூடித்தான் எடுத்தோம். ஆனால் பின்னால் ட்ராலியில் இன்னும் நான்கு பாகங்கள் திறந்தே இருந்தன. இன்னும் சந்தைக்கு வராத வண்டியின் ஹவுசிங் அது. மறுநாள் காலை வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஹெட் போன் செய்தார். வீடியோவை எடுத்துவிட்டோம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தோம். அந்த உறவு பழையபடி ஆக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அதன் பிறகு ஷோரூம் பாகம் ஒன்று செய்துவிட்டோம். அலுமினியக் கட்டியில் நாங்களே டிசைன் செய்து மெஷினிங் போட்ட ஒரு ஹவுசிங், யாருடைய வண்டியிலும் இல்லாதது. உள்ளே வேண்டுமென்றே ஒரு அளந்த லீக் வைத்திருக்கிறோம். எல்லா வீடியோவும் அதில்தான்.

படம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய: பின்னால் இருக்கும் ட்ராலி, சுவரில் ஒட்டிய டிராயிங், ஹெச்.எம்.ஐ. திரையில் பாக எண், கன்ட்ரோல் பேனலில் வாடிக்கையாளர் பெயர்ப் பலகை, மெஷின் மேல் அடித்த அசெட் நம்பர். கண்ணாடிக் கதவில் தெரியும் பிரதிபலிப்பைக்கூட மறந்துவிடாதீர்கள். மங்கலாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தத் துறையில் இருப்பவனுக்கு வெளிக்கோடு தெரிந்தாலே என்ன பாகமென்று தெரிந்துவிடும்.

வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்க நல்ல நேரம், மெஷின் ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து, எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது. பாதிப் பேர் மறுப்பார்கள். பரவாயில்லை, 'ஓசூரில் ஒரு கியர் ஹவுசிங் லைன்' என்று எழுதினாலே தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு விவரம் எழுதினால் போட்டிக்காரர் காப்பியடிக்க மாட்டாரா?

அடிப்பார். வாயு விதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஃபிக்ஸ்சரில் சீல் எப்படிப் பொருத்துகிறீர்கள், வெப்பத்தை எப்படிச் சமன் செய்கிறீர்கள் என்ற உள்வேலையை மட்டும் எழுதாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், டிராயிங்கைக் கொடுக்காதீர்கள்.

லிங்க்ட்இன் தவிர வேறு எது?

யூடியூபும் வாட்ஸ்அப்பும். மெயின்டனன்ஸ் ஆட்கள் பலர் லிங்க்ட்இன் பக்கமே வருவதில்லை. அவர்கள் போனில் யூடியூபில்தான் தேடுவார்கள், அதுவும் மெஷின் நின்றிருக்கும் நேரத்தில். சீல் மாற்றுவது, மாஸ்டர் பாகத்தை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது மாதிரி வீடியோக்கள் தமிழிலும் இந்தியிலும் இருந்தால் அவை வருஷக்கணக்கில் உழைக்கும்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் தரம் குறைந்து திரையில் இருக்கும் எண்ணே தெரியாது. பிராட்காஸ்ட் லிஸ்டில் தினம் குட் மார்னிங் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

இன்ஸ்டாகிராம் ஆள் எடுக்க உதவும். டிப்ளமோ முடித்த பையன்கள் வேலை கேட்டு வருவார்கள். மெஷின் விற்காது.

காசு கொடுத்து விளம்பரம் போடலாமா?

எங்கள் அளவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. லிங்க்ட்இனில் ஒரு விளம்பரம் ஓட, பார்வையாளர் கூட்டம் குறைந்தது 300 பேர் இருக்க வேண்டும். அறுபது பிளாண்டில் நமக்கு வேண்டியவர்களைப் பெயர் பெயராக எடுத்தால் அந்த 300ஐத் தொடுவதே சிரமம். கம்பெனி பெயரும் வேலைப் பிரிவும் ஊரும் கொடுத்துத் தேர்ந்தெடுத்தால் தொடலாம்.

நாங்கள் போடுவது ஒரே சமயத்தில்தான்: பெங்களூரு இம்டெக்ஸ், சென்னை அக்மீ மாதிரி கண்காட்சிக்கு முந்தைய மூன்று வாரம். ஸ்டால் எண், என்ன மெஷின் ஓடப்போகிறது, எந்த நாள் எங்கள் டிசைன் ஹெட் இருப்பார் என்பது மட்டும். போடும்போது `Audience Expansion`, `LinkedIn Audience Network` இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் தடவை எடுக்க மறந்தோம், காசு யார் யாருக்கோ போனது.

ஒரு ஆர்டர் இப்படி வந்ததற்கு உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெயரில்லாமல்.

ஒரு பிப்ரவரியில் மேலே சொன்ன வெப்பப் பதிவைப் போட்டோம். ஓசூர்ப் பக்கம் ஒரு பிளாண்டில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: இரண்டாவது ஷிஃப்டில் மட்டும் ரிஜெக்ட் ஏறுகிறது, காலையில் சரியாக இருக்கிறது. அது எங்கள் மெஷின் இல்லை, வேறொருவருடையது. எங்கள் அப்ளிகேஷன் இன்ஜினியர் மூன்று எண்களை மட்டும் கேட்டார்: பாகத்தின் உள்ளளவு, சோதனை அழுத்தம், வாஷரிலிருந்து வெளியே வரும்போது பாகத்தின் வெப்பம். பதில் வந்ததும் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாவது ஷிஃப்டில் வாஷருக்கும் மெஷினுக்கும் நடுவில் பாகங்கள் காத்திருப்பதே இல்லை, சூடாகவே போகின்றன.

மே மாதம் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது நேரில் பார்த்தோம். புது மெஷின் வேண்டாம், நடுவில் ஒரு கூலிங் கன்வேயர் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்கள் முதலாளிக்கு அன்று கொஞ்சம் கோபம்தான், 'போன இடத்தில் விற்காமல் வந்தீர்களா?' என்று.

ஆகஸ்டில் அதே பிளாண்டின் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்கிலிருந்து போன். புது லைன் வருகிறது, பட்ஜெட்டுக்கு உத்தேச விலை வேண்டும் என்றார்கள். நவம்பரில் ஆர்.எஃப்.க்யூ. வந்தது. அதில் பாக வெப்பத்துக்கு ஈடுகட்டும் வசதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எங்கள் பதிவில் இருந்த வார்த்தை. மூன்று கொட்டேஷன்களில் எங்களுடையது குறைந்த விலை இல்லை. பர்ச்சேஸ் நன்றாகப் பிழிந்தார்கள், கொஞ்சம் இறங்கினோம். அடுத்த மார்ச்சில் பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்தது. பதிமூன்று மாதம்.

பதிவுதான் ஆர்டரைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய மெஷினை அவர்கள் போய்ப் பார்த்தார்கள், அங்கே நல்லபடியாகச் சொன்னார்கள். மே மாதம் நேரில் போனது பெரிய காரணம். பதிவு செய்தது ஒன்றுதான்: எங்கள் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ஸ்பெசிஃபிகேஷன் எழுதப்படுவதற்கு ஒன்பது மாதம் முன்பே எங்களிடம் பேசினார்.

கொட்டேஷன் கொடுத்தாச்சு, மாதக்கணக்கில் பதிலே இல்லை. அப்போது என்ன செய்வது?

'சார், எனி அப்டேட்?' என்று வாரா வாரம் கேட்பதைவிட எதுவும் செய்யாமல் இருப்பதே மேல்.

நாங்கள் செய்வது: அவர்கள் பாகத்துக்கு நெருங்கிய வேலையை ஷோரூம் பாகத்தில் ஓட்டி இரண்டு நிமிஷ வீடியோ எடுத்து, யூடியூபில் `Unlisted` என்று வைத்து, அந்த ஒரு பிளாண்டுக்கு மட்டும் லிங்க் அனுப்புவோம். லிங்க் இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் பார்வை எண்ணிக்கை பேசும். இரண்டு வாரம் ஒன்றிலேயே நின்றால் லிங்க் வாங்கியவர் மட்டும் பார்த்து மூடிவிட்டார். திடீரென்று பதினைந்து இருபது ஆனால் உள்ளே மீட்டிங்கில் யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அல்லது குரூப்பில் சுற்றுகிறது. அது போன் செய்ய வேண்டிய நாள். நீங்களே பத்துத் தடவை பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள், உங்கள் பார்வையும் அதில் சேரும்.

ஆர்டர் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றால், அதுவரை இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

லைக், ஃபாலோயர் எண்ணிக்கையை முதலாளிக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாழ்த்துப் படம் அந்த எண்ணை ஏற்றிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் ஷீட்டைத் திறந்து, எத்தனை பிளாண்டில் மூன்று கட்டத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தப் பெயர்களில் எத்தனை பேர் இந்தக் காலாண்டில் நம்மிடம் ஏதாவது கேட்டார்கள் என்று எண்ணுங்கள். கேள்வி வந்தால்தான் கணக்கு, லைக்கைச் சேர்க்காதீர்கள்.

அதைவிட முக்கியமாக, வரும் ஒவ்வொரு ஆர்.எஃப்.க்யூ.விலும் ஒன்றைக் குறித்து வையுங்கள்: இது வருவதற்கு முன் அந்த பிளாண்டில் யாராவது நம்மிடம் தொழில்நுட்பம் பேசினார்களா, இல்லையா? 'ஆம்' என்பதில் எத்தனை ஆர்டர் ஆனது, 'இல்லை' என்பதில் எத்தனை? வருஷத்துக்கு முப்பது ஆர்.எஃப்.க்யூ.தான் வருகிறது என்றால் இரண்டு வருஷம் குறித்தால்தான் ஏதாவது தெரியும். முதல் ஆறு மாதத்து எண்ணைப் பார்த்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

முதல் சந்திப்பில் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் 'யாரோ சொன்னாங்க' என்பார்கள். யார் என்று கேளுங்கள்.

இது யாருக்கு வேண்டாம்?

ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களுக்குச் சர்வீஸ் கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு. நீங்கள் எழுதும் பதிவின் கீழே, ஸ்பேருக்காக நாலு மாதம் காத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் வந்து ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அறுபது பிளாண்டும் அதைப் படிக்கும். முதலில் அந்த ஸ்பேரை அனுப்புங்கள்.